‘சரி’ என்று சொன்ன பிறகும் முடியாத பேச்சு

அனைவருக்கும் வணக்கம்.

நிறைய பேசுகிறவரிடம் மாட்டிக்கொண்டால், அவர் மனம் நோகாமல் எப்படி விடைபெறுவது? இதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். அவர் நமக்கு வேண்டியவராக இருப்பதால்தான் இது சிரமம். வேண்டாதவராக இருந்தால் எழுந்து போய்விடுவோமே.

என்னோடு வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் இருந்தார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கண் ஆபரேஷன் முடிந்து வந்த புதிதில் ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். அரை மணி நேரம் ஆனது. நடுநடுவே நான் “சரிங்கண்ணே” என்று நான்கைந்து முறை சொல்லியிருப்பேன். சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கதை தொடங்கியது. கடைசியில் போன் வந்ததுபோல் எடுத்துக் காதில் வைத்தேன். திரை இருட்டாக இருந்ததை அவர் பார்த்துவிட்டார். “போங்க தம்பி, போங்க” என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் “சரி” என்றதும் அவர் ஏன் புதுக் கதை தொடங்கினார்? இதற்குப் பதில் சில நாள் கழித்துத்தான் எனக்குக் கிடைத்தது. 1973-ல் ஷெக்லாஃப், சாக்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள், பேச்சு எப்படி முடிகிறது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். யாரும் நேரடியாக விடைபெறுவதில்லை. முதலில் ஒருவர் “சரி”, “அப்போ...” என்று ஒரு சொல்லைப் போடுகிறார். என்னிடம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள். எதிரில் இருப்பவரும் “சரி” என்றால் பேச்சு முடிகிறது. ஆனால் அந்தச் சொல் கூடவே ஒரு வாசலையும் திறந்து வைக்கிறது: விட்டுப்போனது ஏதாவது இருந்தால் இப்போது சொல்லலாம். நிறைய பேசுகிறவரிடம் விட்டுப்போனது எப்போதும் இருக்கும். ஆகவே நாம் போட்ட “சரி” அவருக்கு அழைப்பாகிவிடுகிறது. அவர் மீது தப்பே இல்லை. நாம் கொடுத்த இடத்தில்தான் பேசுகிறார்.

அதனால் “சரி” என்று சொல்லி நிறுத்தக் கூடாது. கிளம்பும் காரணமும் அதே மூச்சில் வர வேண்டும். அதற்கு முன்னால் இன்னொன்றும் வேண்டும். அவர் சொன்னதன் சாரத்தை நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டவருக்குப் புரிந்தது என்று தெரியாதவரை கதை சொல்பவரால் கதையை விட முடியாது. வெறும் “ம்... ம்” அந்தத் திருப்தியைத் தராது, மேலே சொல்லுங்கள் என்றுதான் கேட்கும். “அப்படியா!” என்பது அதைவிடப் பெரிய அழைப்பு.

நடுவில் எப்படி நுழைவது என்று கேட்பீர்கள். வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்தால் நடக்காது. இப்படிப்பட்டவர்கள் மூச்சு வாங்குவதே “அப்புறம்...” என்ற சொல்லுக்குப் பிறகுதான். அங்கே அவர் பெயரையோ முறையையோ சொல்லி, அவர் கடைசியாகச் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு நுழையலாம். அவர் சொல்லையே எடுத்துப் பேசும்போது அது குறுக்கீடாகத் தெரியாது.

அடுத்த வாரமே அதே படியில் அண்ணனைப் பார்த்தேன். கண் பரிசோதனைக்குப் போய் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாறு நிமிடம் முழு மனதோடு கேட்டேன். “எழுத்து இப்போ தெளிவா தெரியுது தம்பி, அப்புறம்...” என்றார். “அண்ணே, எழுத்து தெளிவா தெரியுதுன்னா இத்தனை நாள் பட்ட கஷ்டத்துக்கு விடிவு வந்துடுச்சு. மூணு மணிக்குள்ள ஒரு கணக்கை முடிச்சுக் கொடுக்கணும், நான் வரேன். சொட்டு மருந்து விஷயத்தை நாளைக்குக் கேட்கணும்” என்றேன். சொல்லும்போதே ஒரு படி இறங்கிவிட்டேன். காரணம் உண்மையானது, சின்னது. அதை நான் விளக்கவும் இல்லை. விளக்கினால் “என்ன கணக்கு?” என்று அங்கிருந்து ஒரு பேச்சு கிளம்பும். கிளம்பும் நேரத்தில் “வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?” என்று மரியாதைக்குக் கேட்பதும் அப்படித்தான். “நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் நிற்பதோ இன்னும் மோசம். அடுத்த முறை அந்தச் சொல்லுக்கு மதிப்பே இருக்காது.

உங்களில் சிலருக்கு இது நெஞ்சை உறுத்தலாம், அவர் ஆசையாகப் பேசும்போது வெட்டிவிடுகிறோமே என்று. 2021-ல் அமெரிக்க உளவியலாளர்கள் 900-க்கும் மேற்பட்ட உரையாடல்களை ஆராய்ந்தார்கள். பேசிய இருவரையுமே கேட்டுப் பார்த்தவற்றில், இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்தவை மிகச் சில, நூற்றுக்கு இரண்டு அளவுதான். எதிரில் இருப்பவர் எப்போது முடிக்க விரும்புகிறார் என்பதையும் பெரும்பாலோரால் சரியாகக் கணிக்க முடியவில்லை. நாம் போகக் காத்திருக்கும்போது, அவரும் முடிக்கத் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கலாம்.

ஒரே ஒரு இடத்தில் இதைச் செய்யாதீர்கள். அவர் குரல் உடைந்து, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருந்தால், நேரமில்லை என்றாலும் நில்லுங்கள். முடியவே முடியாதென்றால், எத்தனை மணிக்குத் திரும்பி வருவேன் என்று நேரம் குறித்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அன்று அண்ணன் தலையாட்டி, “சரி தம்பி, நாளைக்குச் சொல்றேன்” என்றார். மறுநாள் நானே அவர் மேசைக்குப் போய், “சொட்டு மருந்து என்னாச்சுண்ணே?” என்று கேட்டேன். நான்கு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, “வேலை இருக்கும், கிளம்புங்க தம்பி” என்று அவரே சொன்னார்.