ஸ்டிக்கரை யார் அழிப்பது?

நடுவர்: “பள்ளியில் ஒரு பிள்ளை தப்பு செய்தால் முதலில் வேண்டியது எது? செய்ததற்கு ஏற்ற தண்டனையா, பார்ப்பவர்களுக்கும் பாடமாகும் தண்டனையா, கெடுத்ததைச் சரிசெய்யும் பொறுப்பா? மூன்றாவது அணியிலிருந்து டீச்சர் வாங்க.”

நடுவர் அவர்களே, சனிக்கிழமை சாயங்காலம் சமூக மன்றத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலில் ஓர் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். “என் மகன் வகுப்பில் போன் பார்த்தான், பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கும் நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்காரச் சொல்வீங்களா டீச்சர்?” இல்லை அண்ணே. போனைச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். யாருக்கும் காயம் இல்லாத இடத்தில் சரிசெய்ய என்ன இருக்கிறது? நான் பேச வந்தது காயம் பட்ட ஒரு பிள்ளை இருக்கும் இடத்தைப் பற்றி.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளி. பெயர் வேண்டாம், அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். உயர்நிலை இரண்டு, தாய்மொழி வகுப்பு. நம் பிள்ளைகள் நான்கைந்து வகுப்புகளிலிருந்து புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓர் அறைக்கு வருவார்கள் இல்லையா, அந்த வகுப்பு. அதில் ஒரு பையனுக்குத் திக்குவாய். வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சியாகச் சத்தம் போட்டு வாசிக்கிறான். “ப” என்ற எழுத்தில் மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயைத் திறந்தபடி நிற்கிறான். பின்வரிசைப் பையன் அதைப் போனில் எடுத்துவிட்டான். அன்று ராத்திரி ஒரு பெண்பிள்ளை அந்த இரண்டு விநாடியை வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கினாள். மறுநாள் காலை யார் தாமதமாகப் பதில் போட்டாலும் அந்த ஸ்டிக்கர்தான். அடுத்த வாரத்திலிருந்து தமிழ் வகுப்பு இருக்கும் நாளில் மட்டும் அந்தப் பையனுக்கு வயிற்றுவலி வந்தது.

அந்த வகுப்புக்குத் தமிழ் எடுத்தவள் நான்.

இப்போது முதல் அணித் தலைவர் ஐயாவிடம் வருகிறேன். இருபது வருடம் டிசிப்ளின் மாஸ்டராக இருந்தவர், விஷயம் தெரிந்தவர். ‘தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து’ என்று குறளில் தொடங்கினார். ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1797இல் எழுதியதையும் சொன்னார்: ஒருவனைத் தண்டிப்பது அவன் குற்றம் செய்தான் என்பதற்காக மட்டுமே இருக்க வேண்டும், வேறொரு நன்மைக்கு அவனைக் கருவியாக்கக் கூடாது. ஐயா, இதை நான் மறுக்கவே மாட்டேன். அளவுக்கு மேல் அடிக்காதே என்று கையைப் பிடிப்பது உங்கள் கட்சிதான். பக்கத்தில் இருக்கும் இரண்டாம் அணியிடம் அந்தக் கை இல்லை. ஊருக்குப் பாடம் சொல்வதுதான் நோக்கம் என்றால், சின்னத் தப்புக்குப் பெரிய அடி கொடுத்தாலும் கணக்கு சரியாக வந்துவிடுமே!

ஆனால் ‘ஒத்தாங்கு’, குற்றத்துக்கு ஏற்ற அளவு என்கிறாரே வள்ளுவர், அதை என் வகுப்பில் எப்படி அளப்பது? நம் பள்ளி விதிமுறைப்படி மாணவிகளுக்குப் பிரம்படி கிடையாது, மாணவர்களுக்கு மட்டும்தான். அதையும் முதல்வரோ அவர் அனுமதி கொடுத்தவரோதான் அடிக்கலாம். சரி, படம் எடுத்தவன் பையன், ஸ்டிக்கர் ஆக்கியவள் பெண்பிள்ளை. எது பெரிய தப்பு? என்னைக் கேட்டால் ஸ்டிக்கர். பிரம்பு போவதோ படம் எடுத்தவனிடம் மட்டும். ‘பிரம்பு வேண்டாம், சஸ்பென்ஷன் போதும்’ என்றால், அதை அனுப்பிச் சிரித்த இருபது பேருக்கு எத்தனை நாள்? ஆளுக்குக் கால் நாளா?

ஐயா மனுநீதிச் சோழனையும் அழைத்து வந்தார். வராமல் போனால் அது பட்டிமன்றமே இல்லை! கன்றைக் கொன்ற மகன் மேல் தேரை ஏற்றினான், நீதி நின்றது. அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன். அந்தக் கதை அங்கேயா முடிகிறது? மகனும் போன பிறகு பசு கன்றோடு வீட்டுக்குப் போனதா? இல்லை. இறைவன் வந்து கன்றை எழுப்ப வேண்டியிருந்தது. கெட்டதைச் சரிசெய்யும் வேலையைத் தேர்ச்சக்கரம் செய்யவில்லை என்று கதை சொன்னவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பள்ளியில் அந்த வேலைக்கு இறைவன் வர மாட்டார், யாராவது உட்கார்ந்து செய்தாக வேண்டும்.

இரண்டாம் அணியில் பேசிய அக்கா, “அபராதம் இருக்கிறது, அதனால்தான் சிங்கப்பூர் ஒழுங்காக இருக்கிறது” என்றார். பாதி சரி அக்கா. எம்ஆர்டி நிலையத்து அறிவிப்பைப் பாருங்கள். சாப்பிட்டால், குடித்தால் 500 வெள்ளி. புகைபிடித்தால் 1000. பக்கத்திலேயே டுரியான் படம், அதற்குக் குறுக்கே கோடு. அதன் கீழே தொகையே இல்லை! இருந்தும் நம் ஆட்கள் டுரியானைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறுவதில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கு நம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால்.

பயம் வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764லேயே எழுதியதுதான்: தண்டனையின் கடுமையைவிட, நிச்சயம் மாட்டுவோம், சீக்கிரம் மாட்டுவோம் என்ற எண்ணமே ஆளைத் தடுக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் ஸ்டிக்கர் செய்யும்போது, மாட்டுவோம் என்று நினைக்கிறதா? அதன் மனதில் இருப்பது நாளைக்கு எத்தனை பேர் சிரிப்பார்கள் என்பதுதான்.

எங்கள் பள்ளியும் முதலில் உங்கள் இரண்டு வழியையும்தான் பார்த்தது. பையனுக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன், பெண்பிள்ளைக்கு ஒரு வாரம் டிடென்ஷன், காலைக் கூட்டத்தில் எச்சரிக்கை. நான்காவது நாள் அவன் திரும்பி வந்தபோது பின்வரிசையில் கைதட்டல். ஸ்டிக்கர் நிற்கவில்லை, ஆசிரியர்கள் பார்க்காத குழுக்களுக்கு இடம் மாறியது. திக்குவாய்ப் பையனுக்குப் புதுப் பட்டம், ‘போட்டுக்கொடுத்தவன்’. அவன் யாரிடமும் போட்டுக்கொடுக்கவில்லை. அவன் அம்மா போனில் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

அதன் பிறகுதான் மூன்றாவது வழி. எங்கள் அணித் தம்பி, “வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும்” என்றான். தம்பி, பாதி வேலை உட்காருவதற்கு முன்பே நடக்கிறது. பள்ளி ஆலோசகர் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பார்த்தார். படம் எடுத்தவனும் ஸ்டிக்கர் செய்தவளும் ‘ஆமாம், நான்தான்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மறுக்கிற பிள்ளையைக் கூட்டத்தில் உட்கார வைத்தால் அது விசாரணைக் கூண்டாகிவிடும். காயம் பட்ட பிள்ளை தானாக வர வேண்டும், ‘வரமாட்டேன்’ என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். எங்கள் பையன் முதல் தடவை வரமாட்டேன் என்றான். பத்து நாள் கழித்து, “டீச்சர் வந்தா வரேன்” என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் கூப்பிட்டான் என்று அப்புறம் தெரிந்தது.

கூட்டத்தில் கேள்விகள் சாதாரணமானவை. என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், யாருக்கு என்ன ஆனது, சரிசெய்ய என்ன செய்யலாம். ‘ஏன் செய்தாய்?’ என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் பிள்ளை சாக்குத் தேடும். செய்தவர்கள் முதலில் பேசினார்கள். அடுத்து அந்தப் பையன். ‘ப’வில் மாட்டினான். அறையில் பதினொரு பேர் இருந்தோம், யாரும் அசையவில்லை. நான் பழக்க தோஷத்தில், “பயமா?” என்று சொல்லை எடுத்துக் கொடுத்தேன்.

அவன் தலையை ஆட்டினான். மறுபடி முயன்று, “பழக்கமாயிடுச்சு” என்றான். பிறகு என்னைப் பார்த்து, “டீச்சர், நீங்க எப்பவும் என் வார்த்தையை முடிச்சிடுறீங்க. அதனாலதான் எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க” என்றான்.

எந்தத் தண்டனைப் பட்டியலில் ஐயா இது வரும்? யாரும் புகார் செய்யாத தப்பு, செய்தவள் ஆசிரியை.

கடைசியில் அவன் கேட்டது மூன்று. வாசிக்கும்போது யாரும் சொல்லை முடித்துக் கொடுக்கக் கூடாது. ஸ்டிக்கர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறதோ, அதைப் போட்டவர்களே அங்கே போய் அழிக்கச் சொல்ல வேண்டும். பின்வரிசைப் பையன் தன்னிடம் ஸாரி சொல்ல வேண்டாம், அம்மாவிடம் சொல்ல வேண்டும். எங்களில் யாருக்கும் இந்த மூன்றும் தோன்றியிருக்காது. எத்தனை குழு என்று எங்களுக்குத் தெரியாது, அந்தப் பெண்பிள்ளைக்குத் தெரியும். தாளில் எழுதினாள்: வகுப்புக் குழு, காற்பந்து சிசிஏ குழு, ஒரு டியூஷன் குழு. சஸ்பென்ஷனில் வீட்டில் படுத்திருந்த பிள்ளை இந்த வேலையைச் செய்திருக்க முடியுமா?

1974இல் கனடாவின் எல்மைரா ஊரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு 22 இடங்களில் பொருள்களை நாசம் செய்தார்கள். மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அதிகாரி அவர்களை வீடு வீடாகக் கூட்டிப்போய், பொருளைப் பறிகொடுத்தவர்கள் முகத்துக்கு எதிரே நிற்க வைத்தார். இந்த வழியின் கதையை அங்கிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். அந்த நடை சிறைக்குப் போவதைவிடச் சுலபம் என்று இரண்டாம் அணி அக்கா நினைத்தால், எங்கள் பின்வரிசைப் பையன் அந்த அம்மாவிடம் பேசும்போது அவன் கை என்ன செய்தது என்று சொல்கிறேன். நாற்காலியின் பிளாஸ்டிக் விளிம்பை உரித்துக்கொண்டே இருந்தது. பேசி முடித்தபோது தரையில் வெள்ளைத் துணுக்குகள்.

இதில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. பெண்பிள்ளையின் அம்மா, “என் மகளைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்” என்று பாதியில் எழுந்து போய்விட்டார். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அடிதடி, பாலியல் தொந்தரவு என்றால் வட்டம் போட்டு உட்கார நான் வரமாட்டேன், அது போலீஸ் வேலை. வாத்தியார் வற்புறுத்தி வாங்கும் ‘ஸாரி’ இருக்கிறதே, அது பிரம்பைவிட மோசம், அடிபட்டவன் வாயையும் சேர்த்துக் கட்டிவிடும். நடந்தது உண்மையா நாடகமா என்று எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, ஒப்பந்தத் தாளில் காயம் பட்ட பிள்ளை கேட்டது இருக்கிறதா, ஆசிரியருக்குப் பிடித்தது இருக்கிறதா என்று பார்ப்பதுதான். தாளில் ‘நல்ல நண்பர்களாக இருப்போம்’ என்று இருந்தால் கிழித்துப் போடுங்கள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி உட்கார்ந்தோம். வகுப்புக் குழுவில் போய்விட்டது, காற்பந்துக் குழுவிலும் போய்விட்டது. டியூஷன் குழு வேறு பள்ளிப் பிள்ளைகளுடையது, அதில் இன்னும் சுற்றுகிறது. “நான் அந்தப் பள்ளிக்கு போன் போட்டுப் பேசட்டுமா?” என்று கேட்டேன். பதில் வர நேரமானது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

“வேணாம் டீச்சர்,” என்றான். “யாருன்னு தெரியும். நானே பேசிக்கிறேன்.”

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.