மிளகுவின் கல் கரைந்தது, அப்புறம் வந்த ரிப்போர்ட்

வணக்கம் மக்களே. போன வீடியோவில் என் பூனை மிளகுவின் மூத்திரப்பைக் கல் கரைந்துவிட்டது என்று குதித்தேன் இல்லையா? செவ்வாய்க்கிழமை அவளுடைய மூத்திர ரிப்போர்ட் வந்தது. "கால்சியம் ஆக்சலேட் கிரிஸ்டல்கள்: நிறைய." அன்று இரவு நான் தூங்கவே இல்லை.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். மிளகு லிட்டர் பெட்டியில் பத்து முறை போய் உட்கார்ந்தாள், ஒவ்வொரு முறையும் இரண்டு சொட்டுதான், அதிலும் ரத்தம். எக்ஸ்ரேயில் மூத்திரப்பையில் 6 மில்லிமீட்டர் கல். ஸ்ட்ரூவைட், ஆக்சலேட் என்ற இரண்டு வகைக் கல்லுமே எக்ஸ்ரேயில் வெள்ளையாகத்தான் தெரியும், பார்த்த மாத்திரத்தில் எது என்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்ட்ரூவைட் கரையும், ஆக்சலேட் எந்தச் சாப்பாட்டுக்கும் கரையாது, அறுத்துத்தான் எடுக்கணும். அதனால் எது என்று ஊகிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மிளகுவின் மூத்திர பிஹெச் 7.5. ஸ்ட்ரூவைட் என்பது மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்த கல், காரத்தன்மையில்தான் வளரும். டாக்டர் அதைத்தான் சந்தேகப்பட்டார். கத்தியை எடுக்காமல், கல் கரைக்கும் உணவைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அது மூத்திரத்தை 6.5க்குக் கீழே இறக்கும், மெக்னீசியமும் பாஸ்பரசும் குறைவாக இருக்கும். நாலு வாரத்தில் கல் சுருங்கவே இல்லை என்றால் அநேகமாக ஆக்சலேட், அப்போது ஆபரேஷன்.

விலையைச் சொல்லாமல் விட மாட்டேன். ஒரு பௌச் 140 ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று. மாதத்துக்கு 12,600! என் வீட்டு வாடகையே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். உலர்தீவனம் மலிவுதான், ஆனால் ஈர உணவில் தண்ணீர் உள்ளே போகும், மூத்திரம் நீர்த்துப்போகும். அதனால் கையைப் பிசைந்துகொண்டே வாங்கினேன். இதில் அம்மா வேறு யாருக்கும் தெரியாமல் நெத்திலிக் கருவாடு போட்டுக்கொண்டிருந்தார். முள்ளோடு சேர்த்து முழுசாக! எதைக் குறைக்கக் காசைக் கொட்டுகிறோமோ அதையே கருவாட்டில் திரும்ப ஏற்றினால் எப்படி? சண்டை போட்டு நிறுத்தினேன். பதினாலாம் நாள் கல் 3 மில்லிமீட்டர், நாலாவது வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இருக்கலாம் என்று இன்னும் ஒரு மாதம் அதே உணவு.

கமெண்டில் வாழைத்தண்டு ஜூஸ் கொடுக்கச் சொன்னவர்களுக்கு: மனிதர்களின் சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானது ஆக்சலேட். இது கல்லும் வேறு, உடம்பும் வேறு. கொடுக்காதீர்கள்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மூத்திரம் பிடிப்பதற்காகவே நாற்பது ரூபாய்க்கு ஒரு குழிக்கரண்டி வாங்கி, சமையல் கரண்டிகளோடு கலந்துவிடாமல் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு மிளகு உட்கார்ந்த நொடியில் பின்னாலிருந்து நீட்டிப் பிடித்தேன். ஒரு சொட்டுகூட மணலில் விழவில்லை! பெருமையாக ஃப்ரிட்ஜில் வைத்தேன், பதினொரு மணிக்கு லேபில் கொடுத்தேன். வந்தது அந்த ரிப்போர்ட். மூத்திரத்தை அமிலமாக்கி அமிலமாக்கி நானே ஆக்சலேட்டை வரவழைத்துவிட்டேன் என்று அழுகை. பயம் ஒன்றும் ஆதாரமில்லாதது இல்லை, பூனைத் தீவனங்களில் மெக்னீசியத்தைக் குறைத்து அமிலத்தைக் கூட்ட ஆரம்பித்த பிறகு ஆக்சலேட் கற்கள் அதிகமானது உண்மைதான்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்தது?" ஐந்து மணி நேரம். குளிர்ந்தால் கரைந்திருப்பது படிகமாக இறங்கும், ரசம் ஆறினால் மேலே நெய் உறையுமே, அதுபோல. அவரே ஊசியால் மூத்திரப்பையிலிருந்து எடுத்து, அரை மணி நேரத்துக்குள் மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஒரு கிரிஸ்டல்கூட இல்லை. பிஹெச் 6.3. கல் இல்லாமல் வெறும் கிரிஸ்டல் மட்டும் தெரிந்தாலே வைத்தியம் வேண்டும் என்றில்லை என்றும் சொன்னார். லேபில் யாரும் எப்போது பிடித்தது என்று என்னிடம் கேட்கவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது.

ஆ, நாய் வைத்திருப்பவர்கள் கேட்டிருந்தீர்கள். நாய்க்கு ஸ்ட்ரூவைட் என்றால் பெரும்பாலும் கிருமித் தொற்றுதான் காரணம். கிருமி யூரியாவை உடைத்து மூத்திரத்தைக் காரமாக்கிவிடும். அதனால் உணவு மட்டும் போதாது, கல்ச்சர் பார்த்து ஆன்டிபயாட்டிக்கும் வேண்டும், மாதக்கணக்கில்கூட ஆகும். பூனைக்குப் பெரும்பாலும் தொற்றே இருக்காது. என் தங்கையின் ஷீ ட்சூவுக்கு ஆக்சலேட், அறுத்துத்தான் எடுத்தார்கள்.

ஐயோ, முக்கியமானதை மறந்தே போனேன். மிளகு பெண் பூனை, அதனால்தான் நான் நாலு வாரம் நிதானமாகக் காத்திருக்க முடிந்தது. ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். முக்கியும் சொட்டு வரவில்லை என்றால் தீவனம் தேடாதீர்கள், வீடியோ பார்க்காதீர்கள், அன்றைக்கே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடைப்பில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும்.