ஏழாம் அத்தியாயத்தில் மூடிய புத்தகம்

(சுங்கை சிப்புட்டில் எழுத்தாளர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். நாவல் எழுதி முடித்தவுடன் நாலு பேரிடம் படிக்கக் கொடுக்கிறோம். திரும்பி வரும் கருத்து சுள்ளென்று இருந்தால் என்ன செய்வது? பொதுவாகப் பேசுவதைவிட ஒரு நாவலையே எடுத்துப் பார்ப்போம். எழுதிய தங்கச்சியின் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

கதை நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில், 1948-ல் நடக்கிறது. பால்மரம் வெட்டும் வள்ளி, காட்டுக்குள் போய்விட்ட அண்ணனுக்காகப் பால்வாளிக்குள் அரிசியை மறைத்து, முள்வேலி வாசலின் சோதனையைத் தாண்டிக் கொண்டுபோகிறாள். படித்தவர்கள் நான்கு பேர். ஒருவர், "தாத்தா புலம்பல் தாங்கல, வெட்டி எறிங்க" என்றார். இன்னொருவர் காதல் காட்சி கேட்டார். மூன்றாமவர் மொழி கனமாக இருக்கிறது என்றார். நான்காமவர் தண்டலாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். "நாப்பத்தெட்டுல ஏதும்மா முள்வேலி? எழுதுறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டுத் தொலைச்சிருக்கலாமே" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பதில் பேசவில்லை. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே, திட்டு உட்பட, நோட்டில் எழுதிக்கொண்டார். இது மிக முக்கியம். நாம் விளக்கம் கொடுக்க ஆரம்பித்த நிமிஷமே, எதிரில் இருப்பவர் வாசகராக இருப்பதை விட்டுவிட்டு நம்மைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவார். அப்புறம் அவரிடமிருந்து உண்மை வராது. வாய் வரை வந்த விளக்கத்தையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். பல நேரம் பிரதியில் விட்டுப்போன வரி அதுதான்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் தங்கச்சி எல்லாரிடமும் கேட்டார்: "எந்த இடத்துல கீழே வெச்சீங்க?" முதல் மூவரும் ஒரே இடத்தைச் சொன்னார்கள், ஏழாம் அத்தியாயம். காரணம் மூன்று, இடம் ஒன்று. இப்படி வந்தால் இடத்தை நம்புங்கள். அவர்கள் சொல்லும் மருந்தை உடனே நம்பிவிடாதீர்கள். சலிப்பு எங்கே வந்தது என்பது வாசகருக்குத்தான் தெரியும். ஏன் வந்தது என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் வேலை. அந்தக் காரணம் பெரும்பாலும் அதே பக்கத்தில் இருக்காது, முன்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

இங்கேயும் அப்படித்தான். அண்ணன் காட்டில் இருக்கிறான் என்பதே வாசகருக்கு ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் தெரிகிறது. அதனால் ஏழில் தாத்தா ராத்திரி முழுக்கப் பேசுவது வெறும் புலம்பலாகிவிட்டது. தங்கச்சி தாத்தாவை வெட்டவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவில், லயத்து வீட்டுத் திண்ணையில் அண்ணனுக்காக விரித்த பாய் விடியும்வரை காலியாகவே கிடப்பதை வள்ளி பார்க்கிறாள் என்று நான்கு வரி சேர்த்தார். இப்போது தாத்தா, "நாய் ஏன் குரைக்குது?" என்று கேட்டாலே படிக்கிறவருக்குப் பயம் வருகிறது. புலம்பலில் ஒரு சொல்கூட மாறவில்லை.

இனி பெரியவர் சொன்னது. இருந்ததிலேயே கடுமையான பேச்சு அதுதான், உடனே சரிபார்க்க வேண்டியதும் அதுதான். 1948 ஜூன் 16-ல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் வந்தது. ஆனால் மக்களைப் பெரிய அளவில் வேலிக்குள் கொண்டுவந்து, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகாமல் தடுத்தது 1950-ன் பிரிக்ஸ் திட்டத்துக்குப் பிறகுதான். பெரியவர் சொன்னது சரி. முன்னால் இரண்டு வழிகள் இருந்தன: வேலியை எடுப்பது, அல்லது வருஷத்தை மாற்றுவது. வேலியை எடுத்தால் வாசலில் சோதனை இல்லை, சோதனை இல்லையென்றால் வள்ளியின் கதையே இல்லை. ஆகவே கதை 1951-க்கு நகர்ந்தது. துப்பாக்கிச் சூடு தாத்தாவின் நினைவாயிற்று. அண்ணனுக்கு மூன்று வயது கூடியது. அவன் கல்யாணப் பேச்சைக்கூடத் திருத்தி எழுத வேண்டி வந்தது. தகவல் பிழை ஒரு வரியோடு நிற்காது. அது தொடும் இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு திருத்துவதுதான் பாதுகாப்பு.

மொழி கனம் என்ற குறையில் பாதியை ஏற்றுக்கொண்டார். "பெரட்டு" புரியவில்லையாம். அடிக்குறிப்பு போடவில்லை, "இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு நிரைக்கு நடந்தாள்" என்று எழுதினார். வெளியூர் வாசகருக்கும் விளங்கிவிடுகிறது, நம் சொல்லும் நிற்கிறது.

காதல் காட்சியை மறுத்துவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. கடைசி அத்தியாயத்தில் வள்ளி மாட்டிக்கொள்ளும்போது, விஷயத்தைப் பகிர்ந்துகொள்ள அவளுக்கு ஒருவரும் இல்லை. நாவலின் கனமே அங்கேதான் இருக்கிறது. காதலன் வந்தால் அது போய்விடும். ஒரு கருத்தை ஏற்பதற்கு முன், அதைச் செய்தபின் கடைசி அத்தியாயம் நிற்குமா என்று எழுதிப் பார்க்கலாம். நிற்காவிட்டால் அவர் கேட்பது வேறொரு நாவல். நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடலாம்.

திருத்திய பிரதியை அதே நால்வரிடம் கொடுக்கவில்லை. அவர்களுக்கு அண்ணன் கதை ஏற்கெனவே தெரியும். புதிதாக இருவரிடம் கொடுத்து அதே கேள்வியைக் கேட்டார். ஏழாம் அத்தியாயத்தில் யாரும் நிற்கவில்லை. ஒருவர் பதினொன்றில் நின்றிருக்கிறார். தங்கச்சி இப்போது ஒன்பதையும் பத்தையும் படித்துக்கொண்டிருக்கிறார்.