எட்டு மாசக் குழந்தையும் இரண்டு நாள் அவகாசமும்

வணக்கம். "ஏழு மாசத்துல பிறந்தா பிழைக்கும், எட்டு மாசத்துல பிறந்தா பிழைக்காது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் இதை அடிக்கடி கேட்பார்கள். உண்மை நேர்மாறானது. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான், முக்கியமாக நுரையீரலுக்கு.

நனைந்த பாலித்தீன் கவரைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வரவே வராது. சீக்கிரம் பிறந்த குழந்தையின் நுரையீரலில் நடப்பதும் அதுதான். அதிலுள்ள சின்னச் சின்ன காற்றறைகளின் உள்பக்கம் ஈரமானது. அந்த ஈரம் சுவர்களை ஒன்றோடொன்று இழுக்கும். அதைத் தடுக்க நுரையீரலே சோப்பு மாதிரி ஒரு வழவழப்பான பொருளைச் சுரக்கிறது. அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். போதிய அளவு சுரக்க 34, 35 வாரம் வரை ஆகும். அது இல்லாத குழந்தை ஒவ்வொரு மூச்சையும் புதிதாக ஊதும் பலூன் மாதிரி கஷ்டப்பட்டு இழுக்கிறது. மூக்கு விடைக்கும், விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கும், மூச்சை விடும்போது ஒரு முனகல் கேட்கும். பிரசவ அறையில் அந்த முனகல் காதில் விழுந்தாலே எங்களுக்குப் புரிந்துவிடும்.

இதற்கான மருந்து கிடைத்த கதை நியூசிலாந்தில் ஆரம்பிக்கிறது. 1960-களில் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் செம்மறி ஆடுகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர் தேடியது நுரையீரலை அல்ல. பிரசவ வலியை யார் தொடங்கிவைக்கிறார்கள், தாயா குழந்தையா என்பதுதான் அவருடைய கேள்வி. வயிற்றுக்குள் இருக்கும் ஆட்டுக்குட்டிக்கு ஸ்டீராய்டு செலுத்தினார், குறைமாதத்திலேயே குட்டி பிறந்தது. ஆட்டுக்கு நிறைமாதம் என்பது 147 நாள் போல. இந்தக் குட்டிகளில் சில ஏறத்தாழ 117 நாளில் பிறந்தவை. அந்த வயதில் நுரையீரல் ஈரல் துண்டு மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும், மூச்சே விட முடியாது. ஆனால் குட்டி மூச்சு விட்டது. அறுத்துப் பார்த்தபோது நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று நிறைந்திருந்தது. தேடிப்போனது ஒன்று, கையில் கிடைத்தது வேறொன்று.

அப்புறம் லிகின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹவியும் சேர்ந்து 1969 டிசம்பரில் தாய்மார்களிடம் சோதனையைத் தொடங்கினார்கள். ஒரு பாதிப் பேருக்கு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. மறு பாதிக்கு, பார்க்க அதே பால் போலத் தெரியும், ஆனால் வீரியம் மிகக் குறைந்த வேறொரு ஸ்டீராய்டு. 282 தாய்மார்களின் முடிவு 1972-இல் வெளியானது. மூச்சுத்திணறல் நோய் நூற்றுக்கு 26 குழந்தைகளிடமிருந்து 9 ஆகக் குறைந்தது. பிறந்த முதல் வாரச் சாவு 15-லிருந்து 3 ஆனது. இவ்வளவு தெளிவான முடிவு வந்தும் இந்த ஊசி உலகமெங்கும் வழக்கமாக இருபது வருடத்துக்கு மேல் ஆனது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

சரி, தாயின் தொடையில் போட்ட ஊசி குழந்தையின் நுரையீரலுக்கு எப்படிப் போகிறது? தாய்க்குப் பயமோ வலியோ வந்தால் அவள் உடலிலும் ஸ்டீராய்டு சுரக்கும். அதெல்லாம் குழந்தையைப் போய்த் தாக்காமல் இருக்க நஞ்சுக்கொடியில் ஒரு என்சைம் காவல் நிற்கிறது. சாதாரண ஸ்டீராய்டைப் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். ஆஸ்துமாவுக்குத் தாய் சாப்பிடும் பிரெட்னிசலோன் மாத்திரையும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் இரண்டின் அமைப்பும் கொஞ்சம் வேறு. காவலாளி அவற்றை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதனால்தான் இந்த இரண்டை மட்டும் பயன்படுத்துகிறோம்.

குழந்தையின் நுரையீரல் செல்லுக்குள் போனதும் மருந்து நேராக மரபணுக்களிடம் போய் "சீக்கிரம் முதிர்ந்துவிடு" என்று சொல்கிறது. நிறைமாதம் நெருங்கும்போது குழந்தையின் அட்ரினல் சுரப்பி தானே சொல்லியிருக்க வேண்டிய செய்திதான் அது. சர்ஃபாக்டன்ட் உற்பத்தி கூடும், காற்றறைச் சுவர் மெலியும், நுரையீரலில் தேங்கிய நீரை வெளியே இழுக்கும் வாய்க்கால்கள் பெருகும். மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்தும் குறைகிறது. ஆனால் செல் புதிதாகப் புரதம் தயாரிக்க வேண்டும், அதற்கு நேரமாகும். முழுப் பலன் முதல் ஊசியிலிருந்து 24 மணி நேரத்தில் தொடங்கி ஏழு நாள் வரை இருக்கும்.

ஒரு தாயைச் சொல்கிறேன். 31 வாரம், மாலை ஆறு மணிக்கு விட்டுவிட்டு இடுப்பு வலியோடு வந்தார். கருப்பை வாய் திறக்கத் தொடங்கியிருந்தது. நம் அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் டெக்சாமெத்தசோன்தான், ஒரு தடவைக்கு 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. 2 மில்லி பாட்டிலில் 8 மில்லிகிராம் இருக்கும் என்பதால் ஒரு ஊசிக்கு ஒன்றரை மில்லி. மாலை ஆறு, காலை ஆறு, மறுபடி மாலை ஆறு என்று மூன்று போட்டாயிற்று. கூடவே வலியைத் தள்ளிப்போட நிஃபெடிபின் மாத்திரை. அதன் வேலை பிரசவத்தை நிறுத்துவது இல்லை, இந்த ஊசிக்கு அவகாசம் வாங்கித் தருவது. மறுநாள் இரவு பதினொன்றுக்குக் குழந்தை பிறந்தது, நான்காவது ஊசிக்கு நேரமில்லை. லேசாக முனகியது. மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் சிபாப் கருவியில் இரண்டு நாள் இருந்தது, வென்டிலேட்டர் தேவைப்படவில்லை.

நான்கும் போட முடியாது என்று தெரிந்தாலும் முதல் ஊசியைத் தாமதிக்கக் கூடாது. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போட்டுக்கலாம்" என்று ஆம்புலன்ஸில் அனுப்பினால் அந்த மூன்று மணி நேரம் வீணாகும். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் சில நாள் நன்றாகவே ஏறும், அடிக்கடி பார்த்து இன்சுலினைக் கூட்ட வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊசி போட்டபின் வலி அடங்கி, நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்த மருந்தால் லாபம் எதுவும் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டால் குழந்தையின் எடை குறையும். 2015-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், இந்தியா உள்பட ஆறு நாடுகளில், கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணிப்பதே கடினமான கிராமப்புறங்களிலும் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்தார்கள். ஊசி போட்ட பலருக்குக் குறைப்பிரசவமே ஆகவில்லை. மொத்தத்தில் குழந்தைச் சாவு கூடியது. எல்லோரும் அதிர்ந்துபோனோம். பிறகு உலக சுகாதார நிறுவனம் ஸ்கேன் செய்து வாரத்தை உறுதிசெய்யும் மருத்துவமனைகளில் மட்டும், இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் சோதித்தது. 2020-இல் வந்த முடிவில், பிறந்த 28 நாளுக்குள் இறந்த குழந்தைகள் ஊசி போடாதவர்களிடம் நூற்றுக்கு 23.5, போட்டவர்களிடம் 19.6.

நான் சொன்ன அந்தத் தாயின் கணவர் அவசரத்தில் மாற்றுத்துணிகூட எடுத்துவரவில்லை. ஆனால் ஒரு மஞ்சள் பையில் பத்தாவது வாரத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்து 31 வாரம் என்று உறுதியான பிறகுதான் முதல் ஊசி போட்டோம், வந்து பத்தே நிமிடத்தில்.