பட்டதாரிக்கு வேலையில்லை: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பட்டம் வாங்கியும் வேலை இல்லையே என்று நாளிதழ் ஆசிரியருக்குப் பலரும் கடிதம் எழுதுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை புலம்பலாகவே நின்றுவிடுகின்றன. ‘இது அந்தப் பிள்ளையின் குற்றமில்லை, ஊர்ப் பிரச்சினை’ என்று நிறுவும்படி எழுதுவது எப்படி? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது நமக்குப் பழக்கம்தான். உட்கார 50 இடம், ஏறியவர்கள் 80 பேர். நின்றுகொண்டு வரும் ஒருவரைப் பார்த்து, ‘சீக்கிரம் துண்டு போட்டிருக்கலாமே’ என்று சொல்லலாம், நியாயம்தான். ஆனால் 80 பேருமே சீக்கிரம் துண்டு போட்டால்? அப்போதும் 30 பேர் நின்றுதான் ஆகவேண்டும். யார் உட்காருவார் என்பதைச் சாமர்த்தியம் தீர்மானிக்கும். எத்தனை பேர் உட்காருவார்கள் என்பதை இருக்கைதான் தீர்மானிக்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் சொன்னதும் இதைத்தான்: ஒரு நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அவருடைய குணத்தையும் திறமையையும் பார்க்கலாம், லட்சக்கணக்கானோருக்கு இல்லை என்றால் வேலைகளின் அமைப்பைத்தான் பார்க்கவேண்டும்.

கடிதத்தில் இதற்குச் சான்றாக ஒரே ஒரு கணக்கு போதும். 2024 ஜூனில் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு படித்தாலே எழுதக்கூடிய தேர்வு. பட்டதாரிகளும் அதே வரிசையில் நிற்கிறார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஓரிடத்துக்கு 320 பேருக்கு மேல். பிறகு இடங்களை ஒன்பதாயிரத்துக்கு மேல் உயர்த்தினார்கள். அப்படியும் ஓரிடத்துக்கு இருநூறு பேருக்கு மேல். அத்தனை பேரும் விடிய விடியப் படித்திருந்தாலும் ஓர் இடம்கூடக் கூடியிருக்காது. துண்டும் இருக்கையும்தான், மறுபடியும்.

சதவீதம் எழுதும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். இதில் எனக்கு ஒரு பிடிவாதமே உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். 2022-23 மத்திய அரசுக் கணக்கெடுப்பில் இந்தியப் பட்டதாரிகளிடையே வேலையின்மை 13.4 சதவீதம். இந்தியா பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அறிக்கையோ 2022-க்கு 29.1 சதவீதம் என்கிறது. எது பொய்? இரண்டுமே பொய்யில்லை. முன்னது 15 வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பட்டதாரிகளையும் எண்ணுகிறது. வேலையில் நிலைத்துவிட்ட ஐம்பது வயதுக்காரரும் அதில் அடக்கம். பின்னது 15 முதல் 29 வயதுவரை உள்ள இளைஞர்களை மட்டும். கடிதத்தில் ஒன்றைத்தான் எழுதவேண்டும், யாருடைய கணக்கு என்றும் சேர்த்து எழுதவேண்டும். இன்னொன்று: இது மொத்தப் பட்டதாரிகளில் இத்தனை பேர் என்பதல்ல. வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையில் வேலையில்லாதவர் எத்தனை என்பதே இந்தச் சதவீதம். தேடித் தேடி அலுத்து வீட்டில் இருந்துவிட்டவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அதே அறிக்கையில் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களின் வேலையின்மை 3.4 சதவீதம்தான். இதை மட்டும் எழுதி நிறுத்தினால், ‘படித்ததால்தான் கெட்டார்கள்’ என்று மறுநாளே பதில் கடிதம் வரும். அவர்களுக்கு நல்ல வேலை இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. காத்திருக்க வசதியில்லாததால் கிடைத்த கூலிக்குப் போகிறார்கள். அந்த ஒரு வரியையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண்ணிக்கையை மட்டும் தொடவேண்டாம். தனியார் வேலையில் இருப்பவர்களும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டு அதில் இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர் யாராவது உங்கள் வாதத்தை அங்கேயே கவிழ்த்துவிடுவார்.

‘வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்குத்தான் திறமை இல்லை’ என்ற பதிலும் வரும். அதை முழுதாக மறுக்காதீர்கள். சில இடங்களில் உண்மைதான். ஆனால் ஓராண்டில் படித்து வெளியேறியவர்களில் இத்தனை பேருக்கு ஒரே குறை என்றால், அந்தக் குறை பாடத்திட்டத்தில் இருக்கிறதா, பிள்ளையிடம் இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. கோரிக்கையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘அரசு ஆவன செய்யவேண்டும்’ என்று முடிக்காதீர்கள். ஒரே ஒரு விதியைப் பிடியுங்கள். தமிழக அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அதைப் பெற, பட்டத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவுசெய்து ஐந்தாண்டு காத்திருந்திருக்க வேண்டும். ஒரு பட்டதாரி ஐந்தாண்டு வேலையில்லாமல் இருக்கக்கூடும் என்பதை அரசே விதியில் எழுதி வைத்திருக்கிறது! அந்த ஐந்தை ஒன்றாக்கக் கேளுங்கள். கடிதம் 150 சொல்லுக்குள் இருக்கட்டும். நீண்டால் வெட்டுவார்கள், வெட்டும்போது முதலில் போவது கடைசிப் பத்திதான். அதனால் கோரிக்கையை இரண்டாவது வரியிலேயே வைத்துவிடுங்கள். பெயர், ஊர், தொலைபேசி எண் மறக்கவேண்டாம். வணக்கம்.