சராசரி தப்பு, கணக்கு சரி: இந்தத் தாளுக்கு எத்தனை மதிப்பெண்?

வணக்கம். டைட்ரேஷன் கணக்கைத் திருத்தும்போது பலரும் தடுமாறுகிற ஓர் இடத்தை மட்டும் இன்று பார்க்கலாம். மாணவர் எல்லாப் படியையும் சரியாகப் போட்டிருக்கிறார், ஆனால் சராசரிக் கனஅளவு தப்பு. அதனால் விடையும் தப்பு. இதை எப்படித் திருத்துவது?

பலகையில் ஒரு கணக்கு எழுதியிருக்கிறேன். நம் ஆய்வகங்களில் அடிக்கடி செய்கிற சோடியம் கார்பனேட் டைட்ரேஷன்தான். பிப்பெட்டில் 20 மி.லி. சோடியம் கார்பனேட் கரைசல், பியூரெட்டில் 0.100 M ஹைட்ரோகுளோரிக் அமிலம், நிறங்காட்டி மெத்தில் ஆரஞ்சு. ஒரு லிட்டரில் எத்தனை கிராம் சோடியம் கார்பனேட் இருக்கிறது என்பது கேள்வி. சமன்பாடு இது:

```
Na2CO3 + 2HCl → 2NaCl + H2O + CO2
```

மாணவரின் அட்டவணையைப் பாருங்கள். தோராய அளவு 19.40. அப்புறம் 18.60, 19.05, 18.70. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்து 18.94 என்று எழுதியிருக்கிறார். ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவை 18.60, 18.70 இரண்டும்தான். இடைவெளி 0.10க்குள் இருக்கிறது. ஆகவே கன்கார்டன்ட் வேல்யூ 18.65 என்று வந்திருக்க வேண்டும்.

இந்தத் தப்பை வெறும் கூட்டல் கழித்தல் பிழையாக நினைத்துவிடாதீர்கள். தோராய அளவு எப்போதும் ஒரே பக்கம்தான் தப்பும். முடிவுப் புள்ளியைத் தாண்டி அமிலம் ஊற்றிவிட்டோம் என்பதால்தான் அது கூடுதலாக இருக்கிறது. 19.05ம் பெரும்பாலும் அப்படித்தான், குழாயைக் கொஞ்சம் தாமதமாக மூடியிருப்பார். கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய என்று இரண்டு பக்கமும் சிதறுகிற பிழையைச் சராசரி சமன் செய்யும். ஒரே பக்கம் சாய்கிற பிழையைச் சராசரி சரி செய்யாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த இரண்டு எண்களையும் விட்டுவிட வேண்டும் என்கிறோம்.

சரி, இப்போது மதிப்பெண்ணுக்கு வருவோம். கணக்குக்கு ஐந்து மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக்கு ஒன்று, அமிலத்தின் மோல்களுக்கு ஒன்று, 1:2 விகிதத்துக்கு ஒன்று, செறிவுக்கு ஒன்று, கிராமாக மாற்றுவதற்கு ஒன்று. விடைக்குறிப்பில் இருக்கிற எண்கள் 18.65, 0.001865, 0.0009325, 0.0466, கடைசியில் 4.94 கிராம். மாணவரின் தாளில் 18.94, 0.001894, 0.000947, 0.04735, 5.02.

விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஐந்து படியிலும் சிவப்புக் கோடு விழும். அது நியாயமில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். அவர் செய்தது ஒரு தப்பு. ஒரு தப்புக்கு ஒரு மதிப்பெண்தான் போக வேண்டும். ஆகவே இந்தத் தாளுக்கு நான்கு.

அந்த நான்கைச் சும்மா கொடுத்துவிடவும் கூடாது. நீங்கள் கால்குலேட்டரை எடுத்து, அவருடைய 18.94ஐ வைத்துக் கணக்கை மறுபடி போட வேண்டும். 0.100ஐ 18.94ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 0.001894 வருகிறதா? வருகிறது. இரண்டால் வகுத்திருக்கிறாரா? வகுத்திருக்கிறார். 20 மி.லி.யை லிட்டராக்கி வகுத்திருக்கிறாரா? ஆமாம். 106ஆல் பெருக்கினால் 5.02 வருகிறதா? வருகிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து ஒழுங்காக வந்திருக்கிறது, அதனால் மதிப்பெண் உண்டு. நான்கையும் கூட்டி வகுத்தால் சரியாக 18.9375 வரும். ஒருவர் அதை முழுதாக வைத்துக்கொண்டு போயிருந்தால் கடைசி இலக்கம் சற்று மாறலாம், அதற்காகக் குறைக்காதீர்கள்.

இப்படிப் போட்டுப் பார்ப்பதில் இன்னொரு பயன் இருக்கிறது. மேலே 18.94 என்று எழுதிவிட்டுக் கீழே 4.94 கிராம் என்று முடித்திருந்தால் என்ன செய்வீர்கள்? விடைக்குறிப்போடு பொருந்துகிறது என்று டிக் போட்டுவிடுவோம். ஆனால் 18.94இலிருந்து 4.94 வரவே வராது. எங்கோ பார்த்து எழுதியிருக்கலாம், அல்லது எண்ணை இடையில் மாற்றியிருக்கலாம். காரணம் எதுவானாலும் வழி அங்கே அறுந்துவிட்டது. அறுந்த படிக்கு மதிப்பெண் கிடையாது, விடை சரியாக இருந்தாலும்.

அதேபோல், இரண்டாவதாக ஒரு தப்பும் செய்து, விகிதத்தில் இரண்டால் வகுக்காமல் விட்டிருந்தால் அது தனித் தப்பு. அதற்கு இன்னொரு மதிப்பெண் போகும். கடைசியில் வருகிற 10.04 கிராமுக்கு, அவருடைய எண்ணிலிருந்து ஒழுங்காக வந்திருந்தால், பின்னால் இருக்கிற இரண்டு மதிப்பெண்ணும் உண்டு. மொத்தம் மூன்று.

அப்புறம், சராசரி எப்படித் தப்பானது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். 18.94 என்றால் தோராய அளவையும் சேர்த்துவிட்டார். 18.78 என்றால் தோராய அளவை விட்டுவிட்டார், ஆனால் 19.05ஐ விடவில்லை. இவருக்குத் தோராயம் என்றால் என்னவென்று தெரியும், ஒத்துப்போவது என்றால் என்னவென்று இன்னும் தெரியவில்லை. 18.15 என்றால் சரியான இரண்டையும்தான் எடுத்திருக்கிறார், 37.30ஐ இரண்டால் வகுப்பதில் கைதவறிவிட்டது. மூவருக்கும் போவது அதே ஒரு மதிப்பெண். ஆனால் ஓரத்தில் எழுத வேண்டியது மூன்றும் வேறு. வெறுமனே 'சராசரி தப்பு' என்று எழுதினால் முதல் இருவரும் அடுத்த முறையும் அதையேதான் செய்வார்கள். நான் எடுக்க வேண்டிய இரண்டு அளவுகளையும் அட்டவணையிலேயே வட்டமிட்டு, '0.10க்குள்' என்று பக்கத்தில் எழுதிவிடுவேன்.

செய்முறைத் தேர்வில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே கணக்குக்குத் தனி மதிப்பெண், கை எவ்வளவு துல்லியம் என்பதற்குத் தனி மதிப்பெண். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் செய்முறைத் தாளில், துல்லியத்துக்கு மதிப்பெண் போடும்போது மாணவர் எழுதிய சராசரியை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. தேர்வாளர் அட்டவணையிலிருந்து ஒத்துப்போகிற அளவுகளைத் தாமே எடுத்து, மேற்பார்வையாளர் செய்து பெற்ற அளவோடு ஒப்பிடுகிறார். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். நம் மாணவர் பியூரெட்டை நன்றாகத்தான் கையாண்டார், 18.60ம் 18.70ம் அதற்குச் சாட்சி. சராசரியில் செய்த தப்பு அந்தக் கைத்திறனைத் தின்றுவிடக் கூடாது.

கடைசியாக ஒரு சிக்கலான தாள். ஒருவர் 18.60ஐயும் 18.70ஐயும் கூட்டி, வகுக்கவே மறந்து 37.30 என்று எழுதிவிட்டார். அட்டவணையில் இருக்கிற எந்த எண்ணையும்விட அது பெரியது, பார்த்தவுடனேயே உறுத்தியிருக்க வேண்டும். கடைசியில் 9.88 கிராம் வருகிறது. இதற்கும் நான்கு கொடுக்கலாமா என்று கேட்டால், விடைக்குறிப்பில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலொழிய, கொடுப்பேன். தப்பு பெரிதா சின்னதா என்று பார்த்து மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைக்க ஆரம்பித்தால் ஒரே மாதிரித் தாளுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி போடுவோம். ஆனால் ஓரத்தில் நான் எழுதுவது இதுதான்: 'நான்கு தடவையும் 20 மி.லி.க்குள்தானே அமிலம் போனது, சராசரி 37 எப்படி?'