பேட்டியில் பேசியவரின் சொல்லும் பெயரும்

வணக்கம். நம் குமரி மாவட்டத்தில் கடற்கரை ஊர்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் பேட்டி எடுத்து ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு ஒரு பயம் உண்டு. பேசியவர் சொன்னதை அப்படியே போட்டால் மென்பொருள் அதைக் காப்பி என்று காட்டிவிடுமோ என்று நினைக்கிறார்கள். அதனால் மீனவர் பேச்சைப் பாடப்புத்தகத் தமிழாக மாற்றிவிடுகிறார்கள். அது வேண்டாம். அவர் பேச்சுதான் உங்கள் தரவு.

அந்த மென்பொருள் இணையத்திலும் இதழ்களிலும் முன்பு ஒப்படைத்த ஆய்வேடுகளிலும் இருப்பதோடுதான் ஒப்பிடும். நீங்கள் பதிவுசெய்த பேச்சு பெரும்பாலும் அங்கே இருக்காது. ஆனால் வரைவைச் சோதிக்கும்போது அதைச் சேமிக்க விட்டுவிட்டால், இறுதிப் பிரதி உங்கள் வரைவோடே ஒத்துப்போகும். ஆகவே, சேமிக்காமல் சோதிக்கச் சொல்லுங்கள். பேசியவர் சொற்களை மேற்கோள் குறிக்குள் வைத்து, 'பங்கேற்பாளர் 7' என்பதுபோல் குறியிடுங்கள். துணைநூல் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள், முறையாகக் காட்டிய மேற்கோளை ஒற்றுமைக் கணக்கிலிருந்து விலக்குகின்றன.

எனக்குப் பெரிய கவலை ஆளை அடையாளம் காட்டிவிடுவதுதான். 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் கணவரை இழந்த ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்:

"எங்க ஊரு போட்டுல அவரும் அவரு தம்பியும் சேர்ந்துதான் போனாங்க. மூத்தவ அப்ப நர்சிங் படிச்சா. ஹெலிகாப்டர் வரும் வரும்னு வாசல்லயே நின்னேன்."

இதற்கு மேலே ஊர்ப்பெயரைப் போட்டு, அவர் பெயரை மட்டும் மேரி என்று மாற்றினால் போதுமா? ஒரே படகில் அண்ணன் தம்பி, நர்சிங் படித்த மகள்: ஊரில் யாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள், அது இன்னார் வீடு என்று. எனவே ஊரை 'மேற்குக் கடற்கரை ஊர் ஒன்று' ஆக்குங்கள். தம்பி என்ற இடத்தில் சதுர அடைப்புக்குள் [உறவினர்] என்று எழுதுங்கள். மகளைப் பற்றிய வரி உங்கள் வாதத்துக்குத் தேவையில்லை என்றால், மூன்று புள்ளி வைத்து விட்டுவிடுங்கள். ஹெலிகாப்டர் வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தக் காத்திருப்பைச் சொல்லத்தானே மேற்கோளே எடுத்தோம்.

அப்புறம் இன்னொன்று. ஒக்கி சமயத்தில் பலர் பத்திரிகைகளிடமும் பேசியிருக்கிறார்கள். அதே வாக்கியம் படத்தோடும் பெயரோடும் இணையத்தில் இருக்கலாம். அப்படியானால் மென்பொருள் ஒற்றுமையைக் காட்டும், படிப்பவரும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். எடுத்தாளும் ஒவ்வொரு வரியையும் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். கிடைத்தால், அந்த வரியை விட்டுவிட்டு அவர் சொன்ன பொருளை உங்கள் நடையில் சுருக்கி எழுதுங்கள்.

பின்னிணைப்பில் முழுப் பேட்டியையும் சேர்க்கும் வழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். இந்திய ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் உங்கள் ஆய்வேடு ஏறியதும் யாரும் படிக்கலாம். துண்டு துண்டாக மறைத்ததெல்லாம் அங்கே ஒன்றுசேர்ந்துவிடும். கேள்விப் பட்டியலை மட்டும் இணையுங்கள். உண்மைப் பெயரையும் குறியையும் இணைக்கும் தாளைப் பேட்டிக் கோப்புகளோடு வைக்காமல், பூட்டி வேறிடத்தில் வையுங்கள்.